காணாமல் போகாத இருநூறு சிப்பம்

அடக்க விலை என்ற ஒரே ஓர் எண்ணை நம்பி, முப்பது வருஷமாகச் சேர்ந்து கடை நடத்திய அண்ணன் தம்பி இருவர் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பாகம் பிரிக்க வக்கீலைப் பார்க்கும் அளவுக்குப் போய்விட்டார்கள். அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. இப்போது இருவரும் சம்மதித்ததால் எழுதுகிறேன். கடையின் பெயர் வேண்டாம். எண்களையும் கொஞ்சம் உருட்டி, படிக்க எளிதாக்கியிருக்கிறேன்.

கடை புதுச்சேரியில். அரிசி மட்டும்தான் வியாபாரம். சில்லறை கிடையாது, சிப்பமாகத்தான் விற்பார்கள். அரிசி ஆரணிப் பக்கத்து மில்லிலிருந்து லாரியில் வரும், ஒரு லோடுக்கு 200 சிப்பம். சிப்பம் என்றால் இப்போது 26 கிலோ. 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள பெயரிட்ட பைகளுக்கு ஜி.எஸ்.டி. வந்ததும் சிப்பத்துக்கு ஒரு கிலோ கூடிப்போன கதை உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அண்ணன் பணமும் கணக்கும் பார்ப்பார். தம்பி கடையில் நிற்பார், சரக்கை இறக்குவார், ஓட்டல்களுக்கு அனுப்புவார். கணக்கு எழுத ஒரு பெண் வாரம் இரண்டு நாள் வந்து போவாள். 2023-24 வருஷக் கணக்கு முடிந்ததும் அண்ணன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நான் குமாஸ்தாவாக இருந்த கடைசிக் காலத்தில் கூட்டுறவுப் பண்டகசாலைகளின் கணக்குகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தவன் என்பது அவருக்குத் தெரியும். தாளில் இருந்தது இவ்வளவுதான்:

தொடக்கச் சரக்கிருப்பு (400 சிப்பம்): ரூ. 4,80,000
கூட்டு: கொள்முதல் (6,000 சிப்பம்): ரூ. 78,36,000
கூட்டு: வண்டி வாடகை, கூலி: ரூ. 1,83,000
கழி: இறுதிச் சரக்கிருப்பு (300 சிப்பம்): ரூ. 3,90,000
விற்ற சரக்கின் அடக்க விலை: ரூ. 81,09,000

விற்பனை 5,900 சிப்பம், ரூ. 84,37,000. ஆக மொத்த இலாபம் ரூ. 3,28,000.

"சார், சிப்பத்துக்கு 110 ரூபா வெச்சு விக்கறோம். 5,900 சிப்பத்துக்கு ஆறரை லட்சம் வரணும். பாதிதான் வந்திருக்கு. மீதி எங்க போச்சு? கடையில நிக்கறவன் அவன். வேற யாரை நான் கேக்கறது?" என்றார். குரல் தழுதழுத்தது. திருட்டுக் கொடுத்தவனின் கோபத்தைவிடத் தம்பி இப்படிச் செய்துவிட்டானே என்ற வேதனைதான் அதில் அதிகம்.

நான்கு வரிகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஆனால் கூட்டல் சரி என்பதும் கணக்கு சரி என்பதும் ஒன்றல்ல. அடக்க விலையை யாரும் நேராக அளந்து எழுதுவதில்லை. இருந்தது, வந்தது, மிஞ்சியது என்ற மூன்றையும் வைத்து, 'அப்படியானால் மீதி விற்றிருக்க வேண்டும்' என்று ஊகிக்கிறோம். அதனால் எந்த வரியில் பிழை இருந்தாலும், பிழை முழுவதும் 'விற்றது' என்ற தலையில் வந்து விழும். விற்பனைப் பணம் கைக்கு வந்தது தெரியும். அடக்க விலை கூடிவிட்டால் இலாபம் குறையும். பார்ப்பவர் கண்ணுக்கு அது சரக்குத் திருட்டு மாதிரியே தெரியும்.

ஆகவே முதலில் அண்ணனின் ஆறரை லட்சத்தைச் சோதித்தேன். இந்த வருஷம் வாங்கிய சிப்பம் சராசரி 1,300 ரூபாய். லாரி வாடகையும் இறக்குகூலியும் சேர்ந்து சிப்பத்துக்கு 20. ஆக, கடை வாசலில் வந்து இறங்கும்போது அடக்கம் 1,320. விற்றது சராசரி 1,430. இலாபம் 110 என்பது சரி. அது அடக்கத்தில் 8.3 சதவீதம், விற்பனையில் 7.7 சதவீதம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். எந்தத் தொகையில் சதவீதம் என்று கேட்காமல் சதவீதம் பேசக்கூடாது.

ஆனால் வருஷத் தொடக்கத்தில் இருந்த 400 சிப்பம் பழைய விலையில் வாங்கியது, அடக்கம் 1,200. அவை விற்றபோது சிப்பத்துக்கு 230 கிடைத்திருக்கிறது. எனவே வரவேண்டிய இலாபம் இப்படி: 5,500 சிப்பத்துக்கு 110 வீதம் 6,05,000. 400 சிப்பத்துக்கு 230 வீதம் 92,000. மொத்தம் 6,97,000. தாளில் இருப்பதோ 3,28,000. பள்ளம் 3,69,000 ரூபாய். அண்ணன் நினைத்ததைவிடப் பெரிது. அதை அவரிடம் அன்றைக்கு நான் சொல்லவில்லை.

அடுத்து, பணத்தை மறந்துவிட்டுச் சிப்பத்தை மட்டும் எண்ணினேன். பண்டகசாலைக் கணக்கில் நாங்கள் முதலில் செய்வது இதுதான். ரூபாயில் விலை, வாடகை, பிழை எல்லாம் கலந்திருக்கும். சிப்பத்தில் எதுவும் கலக்காது. தொடக்கத்தில் 400, வாங்கியது 6,000, மிச்சம் 300. அப்படியானால் வெளியே போனது 6,100. விற்பனை பில்களில் இருப்பது 5,900. குறைவு சரியாக 200.

இந்த 200 இரண்டு விஷயங்களைச் சொன்னது. 200 சிப்பத்தின் அடக்கம் 2,64,000. பள்ளமோ 3,69,000. ஆகவே 1,05,000 ரூபாய்க்குச் சிப்பமே இல்லை. அரிசியாக இல்லாததை யாரும் தோளில் சுமந்துகொண்டு போகமுடியாது. அது காகிதத்தில்தான் தொலைந்திருக்க வேண்டும். இது முதலாவது. இரண்டாவது, திருட்டு என்றால் வருஷம் முழுக்க இன்று ஒன்று, நாளை இரண்டு என்று போகும். வருஷக் கடைசியில் 187 என்றோ 213 என்றோ வரும். இருநூறு என்று ஒரு லாரி லோடு முழுசாகக் குறைந்தால், யாரைப் பிடிப்பது என்று யோசிப்பதற்கு முன் லாரியைத் தேடவேண்டும்.

பிறகு ஒவ்வொரு வரியாக எடுத்தேன்.

தொடக்கச் சரக்கிருப்பைச் சோதிப்பது சுலபம். போன வருஷக் கணக்கின் இறுதிச் சரக்கிருப்பு எதுவோ, அதுதான் இந்த வருஷத் தொடக்கம். ஒரு ரூபாய்கூட மாறக்கூடாது. பார்த்தேன், இரண்டிலும் 4,80,000. அந்த வரி முடிந்தது.

கொள்முதல் வரிக்கு மில்காரரின் கணக்கு நகலை வாங்கிவரச் சொன்னேன். கடைப் பேரேட்டில் மில்லுக்கு 36,000 பாக்கி இருந்தது. மில்லிலோ பாக்கி இல்லை என்று எழுதியிருந்தார்கள். தர வேண்டியவர் இருக்கிறது என்கிறார், வாங்க வேண்டியவர் இல்லை என்கிறார். இப்படி நடந்தால் எழுத்துப் பிழை என்று தைரியமாகச் சொல்லலாம்.

இங்கே என் பள்ளிக்கூடத்தைச் சொல்லவேண்டும். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குச் சின்ன வகுப்பிலேயே 'ப்ரெவ் பார் நெஃப்' என்று ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்பதால் சோதித்தல் என்று அர்த்தம். ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டி, ஒற்றை இலக்கம் வரும்வரை சுருக்கி, பெருக்கலும் கூட்டலும் சரியா என்று பார்ப்பது. நல்ல சோதனைதான், ஆனால் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. இலக்கங்கள் இடம் மாறினால் அதற்குத் தெரியாது. 259-இன் இலக்கங்களைக் கூட்டினால் 16, சுருக்கினால் 7. 295-க்கும் அதே 7.

அந்தக் குருட்டுப் பக்கத்தையே விளக்காக்கலாம் என்பதைக் குமாஸ்தா வேலையில் கற்றுக்கொண்டேன். இலக்கங்கள் இடம் மாறிய பிழை எப்போதும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். 36,000-ஐ ஒன்பதால் வகுத்தால் 4,000. அதாவது ஆயிரத்தின் இடத்திலும் பத்தாயிரத்தின் இடத்திலும் உள்ள இரண்டு இலக்கங்கள் மாறியிருக்கலாம், அவற்றுக்குள் வித்தியாசம் நான்கு இருக்கும். முப்பது லோடுக்கு முப்பது பில். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களுக்கு நான்கு வித்தியாசம் உள்ள பில்லை மட்டும் தேடினேன். கால்மணி நேரத்தில் கிடைத்தது. சிப்பம் 1,295 வீதம் 200 சிப்பம், பில் தொகை 2,59,000. பதிவேட்டில் 2,95,000. உண்மையான கொள்முதல் 78,00,000. ஒன்பதால் வகுபட்டால் கட்டாயம் இடமாற்றம்தான் என்று அடித்துச் சொல்லமுடியாது. எங்கே முதலில் தேடலாம் என்று அது கைகாட்டும், அவ்வளவுதான். பில்லைக் கண்ணால் பார்த்தபிறகே முடிவு செய்யவேண்டும்.

மூன்றாவது வரி வண்டி வாடகை. 6,000 சிப்பத்துக்கு 20 ரூபாய் என்றால் 1,20,000 வரவேண்டும். 1,83,000 இருந்தது. வவுச்சர்களை இரண்டு கட்டாகப் பிரித்தேன். ஒரு கட்டு, ஆரணியிலிருந்து வந்த லாரி வாடகையும் இறக்குகூலியும், 1,20,000. இன்னொரு கட்டு, குட்டியானை வண்டியில் ஓட்டல்களுக்கும் விடுதிகளுக்கும் சிப்பம் அனுப்பிய வாடகை, 63,000. கணக்கு எழுதும் பெண் இரண்டையும் 'வண்டி வாடகை' என்ற ஒரே தலைப்பில் சேர்த்துவிட்டாள்.

சரக்கைக் கடைக்குக் கொண்டுவரும் செலவு உள்தூக்குக் கூலி. அது சரக்கின் அடக்கத்தில் சேரும். விற்ற சரக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கும் செலவு வெளித்தூக்குக் கூலி. அது விற்பனைச் செலவு, இலாப நட்டக் கணக்குக்குப் போகவேண்டும். பிரெஞ்சுக் கணக்குத் திட்டத்தில் இந்தக் குழப்பமே வராமல் இரண்டுக்கும் தனித்தனி எண் கொடுத்திருக்கிறார்கள். கொள்முதலுக்கான போக்குவரத்து 6241, விற்பனைக்கான போக்குவரத்து 6242. வவுச்சரின் மூலையில் அந்த எண்ணை எழுதிவிட்டால் அப்புறம் யார் எடுத்துக் கூட்டினாலும் கலக்காது.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். இந்த 63,000 திரும்பி வரும் பணம் இல்லை. நிஜமாகவே செலவானதுதான். மொத்த இலாபத்தில் ஏறி, கீழே நிகர இலாபத்தில் இறங்கிவிடும். இதை அண்ணனுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு ஏமாற்றம் வேண்டாம் என்று.

கடைசி வரி இறுதிச் சரக்கிருப்பு. நான்கில் இது ஒன்றுதான் எந்தப் பில்லிலும் இல்லாத எண். யாரோ கிடங்குக்குள் போய் எண்ணி எழுதுவது. ஆகவே பிழைக்கு மிகவும் வசதியான இடம்.

முதலில் விலையைப் பார்த்தேன். 300 சிப்பத்துக்கு 3,90,000, அதாவது சிப்பம் 1,300. மில் பில் விலையை மட்டும் போட்டிருக்கிறார்கள். மேலே வண்டி வாடகையைக் கொள்முதலோடு கூட்டிவிட்டு, கீழே மிஞ்சிய சரக்கில் அந்த வாடகையை விட்டுவிட்டால், விற்காத சிப்பத்தின் வாடகையும் விற்ற சிப்பத்தின் தலையில் ஏறும். 1,320 போட்டிருக்கவேண்டும். வித்தியாசம் 6,000 ரூபாய், சின்னதுதான். விற்பனை விலையைப் போடுவது இன்னொரு வழக்கமான பிழை. இங்கே அது இல்லை. அடக்க விலை அல்லது சந்தை விலை, எது குறைவோ அதுதான் முறை. அரிசி விலை ஏறிய வருஷம் என்பதால் அடக்கமே போதும்.

இப்போது காகிதப் பிழைகளைக் கூட்டினேன். 36,000, 63,000, 6,000. மொத்தம் 1,05,000. சிப்பம் இல்லாத பள்ளம் அடைந்துவிட்டது. மிச்சம் அந்த 200 சிப்பம்.

மார்ச் கடைசி வாரத்து லாரி ரசீதுகளைக் கேட்டேன். 30 மார்ச் 2024 தேதியிட்ட ரசீது ஒன்று இருந்தது. 200 சிப்பம், தம்பியின் கையெழுத்து. அது ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. அண்ணன் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார். ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் காலை கடை திறக்குமுன் தானே கிடங்கில் எண்ணி 300 என்று எழுதிவிட்டார். பில்லோ லாரியோடு வந்து கோப்பில் ஏறி, மார்ச் கொள்முதலில் பதிவாகிவிட்டது.

அப்படியானால் அந்தச் சிப்பங்கள் எங்கே இருந்தன? கூப்பிட்டு அனுப்பியதும் தம்பி வந்தார். அண்ணன் இருந்த பக்கம் திரும்பாமல் என்னிடமே பேசினார். "கெடங்குல பாதித் தரை சிமெண்ட் பூசி ஈரமா இருந்துது சார். சித்தப்பா வீடு காலியாத்தானே இருக்குன்னு அங்க எறக்கினேன். ரெண்டு வாரம் கழிச்சு நாந்தான் எடுத்தாந்தேன்" என்றார்.

அண்ணன், "இதை அப்பவே சொல்றதுக்கு என்ன?" என்றார்.

"நீ கேட்டியா?" என்றார் தம்பி.

பேச்சை அங்கேயே நிறுத்தினேன். சரிபார்ப்பவன் யாருடைய வார்த்தையையும் ஆதாரமாக எடுக்கக்கூடாது. நல்லவர் வார்த்தையானாலும் சரி. சிப்பங்கள் மார்ச் 31 அன்று இருந்தனவா என்று பின்னால் போய் எண்ண ஒரு வழி இருக்கிறது. மே தினத்தன்று கடை விடுமுறையில் அண்ணன் மறுபடி எண்ணி வைத்திருந்தார். கிடங்கில் 430 சிப்பம். ஏப்ரல் மாதம் விற்றது 470. அதைக் கூட்டினால் 900. ஏப்ரலில் வாங்கியது இரண்டு லோடு, 400. அதைக் கழித்தால் 500. ஆக மார்ச் 31 இரவு அவர்கள் கையில் 500 சிப்பம் இருந்தே தீரவேண்டும். 300 மட்டும் இருந்திருந்தால் மே தினத்தன்று 230 தான் இருந்திருக்கும். திருடிப்போன அரிசி ஏப்ரலில் திரும்பி வந்து விலைபோகாது. எண்ணியது அண்ணன் கை, விற்றது பில் புத்தகம். தம்பியின் சாட்சியே தேவைப்படவில்லை.

திருத்திய கணக்கு இது:

தொடக்கச் சரக்கிருப்பு (400): ரூ. 4,80,000
கூட்டு: கொள்முதல் (6,000): ரூ. 78,00,000
கூட்டு: உள்தூக்குக் கூலி: ரூ. 1,20,000
கழி: இறுதிச் சரக்கிருப்பு (500): ரூ. 6,60,000
விற்ற சரக்கின் அடக்க விலை: ரூ. 77,40,000

விற்பனை 84,37,000-இல் கழித்தால் மொத்த இலாபம் 6,97,000. முதலில் சிப்பத்தை வைத்துப் போட்ட அதே தொகை. இரண்டு வழியில் போய் ஒரே இடத்துக்கு வந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

இதில் என்னை உண்மையில் பயமுறுத்தியது வேறொன்று. இந்தச் சரிபார்ப்பு நடக்காமல் தம்பி வெளியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த வருஷத்து இறுதிச் சரக்கிருப்புதானே அடுத்த வருஷத்தின் தொடக்கம். 6,60,000 இருக்கவேண்டிய இடத்தில் 3,90,000 என்று தொடங்கியிருப்பார்கள். ஆனால் அந்த 200 சிப்பமும் கடையில் விற்றிருக்கும். அடுத்த வருஷத்து அடக்க விலை 2,70,000 குறைந்து, இலாபம் அதே அளவு கூடியிருக்கும். இறுதிச் சரக்கிருப்பில் செய்த பிழை முதல் வருஷம் இலாபத்தைக் குறைத்தால், அடுத்த வருஷம் அதே தொகையை ஏற்றிக் கொடுத்துவிட்டு மறைந்துவிடும். இரண்டு வருஷத்தைச் சேர்த்துப் பார்த்தால் பிழையே இல்லாதது போலிருக்கும்.

அண்ணன் என்ன நினைத்திருப்பார்? "பாத்தியா, அவன் போனதும் லாபம் ஏறிடுச்சு" என்றுதானே? ஊரும் தலையாட்டியிருக்கும். தம்பிக்கு அதற்குமேல் வாயைத் திறக்க வழியே இருந்திருக்காது. ஒரு வருஷம் இலாபம் விழுந்து மறுவருஷம் அதே அளவு எழுந்தால், இடையில் ஆள் மாறியிருக்கிறாரா என்று பார்ப்பதற்கு முன் இடையில் நிற்கும் சரக்கிருப்பைப் பாருங்கள்.

இந்த முறையாலும் எல்லாவற்றையும் பிடிக்கமுடியாது. அரிசிக் கடை, ஒரே சரக்கு, சிப்பமாக விற்பனை என்பதால் சிப்பக் கணக்கு இவ்வளவு சுத்தமாக வந்தது. மளிகைக் கடையில் நூறு சாமான், சில்லறை எடை, உதிர்வு, எலி எல்லாம் உண்டு. அங்கே ஒவ்வொன்றையும் எண்ணமுடியாது. அதிகம் புரளும் நான்கைந்து சாமானை மட்டும் எடுத்து எண்ணிப்பார்க்கலாம், மற்றவற்றுக்கு இலாப விகிதத்தைப் போன வருஷங்களோடு ஒப்பிடலாம். வீட்டுக்கு எடுத்துப்போன சரக்கைச் சொந்த எடுப்பு என்று எழுதிக் கொள்முதலில் கழிக்காவிட்டால் அதுவும் விற்றதாகவே அடக்கத்தில் நிற்கும். மில்லுக்குத் திருப்பி அனுப்பிய சரக்கும் அப்படித்தான். இந்தக் கடையில் இரண்டும் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மேலே போனேன்.

இப்போது அந்தக் கடையில் மூன்று பழக்கங்கள் வந்திருக்கின்றன. கணக்குத் தாளில் ரூபாய்க்குப் பக்கத்தில் சிப்பத்துக்கு ஒரு பத்தி. வாடகை வவுச்சர்கள் 'வந்தது', 'போனது' என்று இரண்டு கம்பியில். மார்ச் கடைசி நாள் எண்ணும்போது கடைசி லாரி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சரக்கு எங்கே கிடக்கிறது என்று முதலில் கேட்பது. போன மார்ச்சில் எண்ணிய தாளைக் கொண்டுவந்து காட்டினார்கள். அடியில் இரண்டு கையெழுத்து இருந்தது. தம்பி எண்ண, அண்ணன் எழுதினாராம்.